வாடகை வீட்டில் ஒரு பூஜை அலமாரி

பூஜைச் சாமான் விற்கும் கடைகளில் இப்போது ‘பூஜை செட்’ என்று ஒரு பெட்டி கிடைக்கிறது. குத்துவிளக்கு ஒரு ஜோடி, மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம், உத்தரணி, கற்பூரத் தட்டு, குங்குமச் சிமிழ், ஊதுபத்தி ஸ்டாண்ட், ஒரு சங்கு என்று எல்லாம் அதற்குள் அடுக்கியிருக்கும். என் அண்ணன் மகன் சென்னையில் வேலை கிடைத்து, நண்பனோடு சேர்ந்து ஒரு வாடகை ஃபிளாட் பிடித்தபோது, தினமும் விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு அப்படி ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தான். ஊரில் அவன் அம்மாதான் எல்லாம் செய்வாள். இவன் தட்டில் இருக்கும் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். எதை எங்கே வைப்பது, எது எதற்கு என்று ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போயிருந்த சமயம் உட்கார்த்திவைத்துக் கேட்டான்.

“அத்தை, இதுல எது இல்லாட்டி பூஜை ஆகாது? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க.”

சரியான கேள்வி. அதற்கு நம் மரபில் சரியான அளவுகோலும் இருக்கிறது. கோயிலில் தெய்வத்துக்குப் பதினாறு உபசாரம் செய்வார்கள். இருக்கை தருவது, கால் கழுவ நீர் தருவது, நீராட்டுவது, உடை சாத்துவது என்று வீட்டுக்கு வந்த பெரியவரை எப்படி வரவேற்போமோ அந்த வரிசை அது. அவ்வளவும் முடியாதவர்களுக்கென்று ஐந்து மட்டும் கொண்ட சுருக்கமான முறையும் வகுத்திருக்கிறார்கள். பஞ்சோபசாரம் என்று அதற்குப் பெயர். சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம். இந்த ஐந்தையும் ஐம்பூதங்களோடு சேர்த்துச் சொல்வார்கள்: சந்தனம் நிலம், பூ ஆகாயம், தூபம் காற்று, தீபம் நெருப்பு, நைவேத்தியம் அமுதாகிய நீர். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் இந்த ஐந்தில் எதற்கு அது உதவுகிறது என்று பார்க்க வேண்டும். எதற்கும் உதவவில்லை என்றால் அது பிறகு வரட்டும். அந்தக் கணக்கில் சங்கு முதலில் பெட்டிக்குத் திரும்பியது. குத்துவிளக்கு ஜோடியையும் நாள் கிழமைக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். தினசரிக்கு ஒரு சின்னக் காமாட்சி விளக்கு போதும்.

முதலில் இடம். ஃபிளாட்டில் தனிப் பூஜை அறை கிடையாது. ஹாலில் கிழக்குச் சுவரில் ஓர் அலமாரி இருந்தது. கும்பிடுகிறவர் கிழக்கோ வடக்கோ பார்த்து நிற்க வேண்டும், விளக்கின் முகம் தெற்கு பார்க்கக் கூடாது என்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அதற்கு அந்தச் சுவர் ஒத்துவந்தது. ஆனால் திசையைவிட நான் அதிகம் கவனித்தது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, மின்விசிறிக் காற்று நேராக வந்து அடிக்கிறதா என்பது. இரண்டு, சுடருக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. அலமாரி பிளைவுட். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே ஓர் அடிகூட இல்லை. சின்னச் சுடரானாலும் வெப்பம் நேர்மேலே போய் ஒரே இடத்தைத் தினமும் தாக்கும். முதலில் அந்த இடம் கறுக்கும், பிறகு மேலே ஒட்டிய தாள் உப்பும், ஒருநாள் கருகும். நடுத்தட்டைக் கழற்றச் சொன்னேன். சுடருக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் திரைச்சீலை தொங்கக் கூடாது.

அடுத்து யாரை வைப்பது? அவன் ஒரு பட்டியலே வைத்திருந்தான்.

“பிள்ளையார், முருகன், லட்சுமி, வெங்கடாசலபதி, அப்புறம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஸ்படிக லிங்கம் தர்றேன்னான் அத்தை.”

“லிங்கம் வேண்டாம்ப்பா. இப்போ வேண்டாம்.”

இதை அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. படமும் லிங்கமும் ஒரே மாதிரி அல்ல. லிங்கம், சாளக்கிராமம் போன்றவற்றை வீட்டில் வைத்தால் நாள்தோறும் நீராட்ட வேண்டும், நிவேதனம் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. சைவத்தில் தனக்கென்று லிங்கம் வைத்துச் செய்யும் ஆன்மார்த்த பூசைக்கு ஒரு குருவிடம் தீட்சை பெற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இரவு வேலைக்குப் போகிற பையனுக்கு அது ஆகாத காரியம். படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பூ வைத்து, விளக்கேற்றிக் கும்பிடலாம். முடியாத நாளில் கைகூப்பிவிட்டுப் போகலாம். சாதாரண வீடுகளில் வண்ணப் படம் வைத்துக் கும்பிடுவது ஒன்றும் ஆயிரமாண்டுப் பழக்கம் அல்ல. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை அச்சிட்டது அதற்குப் பெரிய தொடக்கம். தமிழ்நாட்டில் கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டர்களில் அச்சாகி வீடு வீடாகப் போனார்கள். இன்று நம் கண்ணில் நிற்கும் பல தெய்வ உருவங்கள் அவர் கையிலிருந்து வந்தவை.

கடைசியில் மூன்று படம் என்று முடிவானது. எதைத் தொடங்கினாலும் முதலில் நிற்கிற பிள்ளையார், அவன் மனசுக்குப் பிடித்த முருகன், எங்கள் குலதெய்வமான சாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு சாஸ்தா இருப்பார். பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் அந்தக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கோயிலில் எடுத்த புகைப்படத்தையே சட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். தாத்தா படத்தையும் அதே வரிசையில் வைக்கப் பார்த்தான். இறந்தவர்கள் படத்தைச் சாமி படங்களோடு சேர்த்து வைப்பதில்லை. அது எதிர்ச்சுவருக்குப் போனது.

இனி விளக்கு. அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் மற்ற நான்கும் இல்லாத நாளிலும் இது ஒன்று எரிந்தால் பூஜை நடந்ததாகவே நம் வீடுகளில் கணக்கு.

புது விளக்கைக் கடையிலிருந்து வந்தபடியே ஏற்றக் கூடாது. மேலே மெருகு எண்ணெயும் பாலிஷ் தூளும் ஒட்டியிருக்கும். புளியைக் கரைத்துத் தேய்த்தால் புளியின் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். அதன்பின் சாம்பலோ பாத்திரம் தேய்க்கும் பொடியோ போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து உலரவைக்க வேண்டும். உலர்வது முக்கியம். விளக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தாலும் திரி அதை உறிஞ்சிப் படபடவென்று பொரியும், எண்ணெய் தெறிக்கும். வாரம் ஒருமுறை வியாழக்கிழமை தேய்த்துவைத்து வெள்ளிக்கிழமை ஏற்றுவது எங்கள் வீட்டு முறை. செவ்வாய், வெள்ளியில் விளக்கைத் தேய்க்க மாட்டோம்.

விளக்கை வெறும் தரையிலோ பலகையிலோ வைக்காமல் ஒரு சின்னத் தட்டில் வைக்க வேண்டும். மரியாதைக்காகவும்தான், வழியும் எண்ணெய் பலகையில் ஊறாமல் இருக்கவும்தான். எண்ணெயில் ஊறிய பலகை சீக்கிரம் தீப்பற்றும்.

எண்ணெய் என்றால் எங்களுக்கு நல்லெண்ணெய். நெய் இன்னும் சிறப்பு என்பார்கள், தினசரிக்குக் கட்டுப்படியாகாது. கடையில் ‘தீப எண்ணெய்’ என்று மஞ்சள் புட்டியில் விற்பது பல எண்ணெய்களைக் கலந்தது. விளக்குக்கு மட்டும்தான் என்று புட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதைச் சமையலறையில் வைக்காதே, நண்பன் தோசைக்கு ஊற்றிவிடப் போகிறான் என்று சொல்லி வைத்தேன்.

திரி பஞ்சுத் திரி. இரண்டை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிப் போடுவது வழக்கம். திரியை முதலில் எண்ணெயில் முழுக்க நனைத்து, பிறகு நுனியை விளக்கின் முகத்துக்கு வெளியே ஒரு நெல்மணி அளவு மட்டும் நீட்ட வேண்டும். இதில்தான் புதிதாக ஏற்றுகிறவர்கள் தடுமாறுவார்கள். இவனும் அரை விரல் நீளம் நீட்டியிருந்தான். சுடர் இரண்டு அங்குலம் எழும்பி, நுனியில் கரும்புகை கிளம்பியது. பஞ்சு உறிஞ்சித் தரும் எண்ணெய் முழுதும் எரியக் காற்று போதாமல் கரியாகப் போவதுதான் அந்தப் புகை. திரியை உள்ளே இழுத்ததும் சுடர் குறுகி, மஞ்சளாக, ஆடாமல் நின்றது.

“அணைஞ்சு அணைஞ்சு போகுதே, அது ஏன் அத்தை?”

“எண்ணெய் ஏறலைன்னு அர்த்தம். திரி முகத்துல இறுக்கமா அடைச்சிருக்கும். இல்லாட்டி நேத்தைய கரி நுனியில கட்டியா இருக்கும். அதைக் கிள்ளி எறிஞ்சிட்டுப் புதுசாத் தூண்டி விடு.”

இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றினால், திரியின் பருமனைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும். காலையில் வேலைக்குக் கிளம்பும் பையனுக்கு அது தேவையில்லை. எவ்வளவு நேரம் வீட்டில் இருக்கிறானோ அவ்வளவு நேரத்துக்கு எரிந்தால் போதும். வீட்டைப் பூட்டும்போது சுடர் இருக்கக் கூடாது. இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை. வாயால் ஊதாமல், ஒரு பூவால் அமர்த்தியோ திரியை எண்ணெய்க்குள் இழுத்தோ மலையேற்றிவிட வேண்டும்.

சந்தனம், குங்குமம், திருநீறு இந்த மூன்றுக்கும் மூன்று சின்னச் சிமிழ்கள். கட்டை வைத்துக் கல்லில் அரைக்க அவனுக்கு நேரமில்லை. சந்தனத் தூளை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளலாம். படத்துக்கும் விளக்குக்கும் முதலில் சந்தனப் பொட்டு, அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் குங்குமம். ஈரம் இல்லாவிட்டால் குங்குமம் கண்ணாடியில் நிற்காமல் உதிரும். தினமும் பொட்டின் மேல் பொட்டு வைத்தால் காய்ந்து பொருக்காகிப் படமே மறைந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். நல்ல குங்குமம் மஞ்சளிலிருந்து செய்வது. எலுமிச்சைச் சாறும் வெண்காரமும் படிகாரமும் சேரும்போது மஞ்சள் சிவப்பாகும். வெறும் சாயம் ஏற்றிய பொடியும் அதே பெயரில் விற்கிறது. நெற்றியில் அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பொடியை உடனே நிறுத்த வேண்டும். திருநீறு பசுஞ்சாண உருண்டைகளைக் காயவைத்துச் சுட்டுச் சலித்தது. அது லேசாகச் சாம்பல் நிறம் கலந்துதான் இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. பளீர் வெள்ளையும் தூக்கலான வாசனையுமாக இருப்பதை நான் வாங்குவதில்லை.

பூவுக்கு அவன் முழக் கணக்கில் வாங்க நினைத்தான். மூன்று படத்துக்கு ஒரு முழம் கதம்பம் இரண்டு நாளுக்கு வரும். மடியாத ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அதைவிட நல்லது பால்கனியில் ஒரு தொட்டியில் நந்தியாவட்டையோ செம்பருத்தியோ வளர்ப்பது. தினமும் இரண்டு பூ கிடைத்தால் இந்தப் பூஜைக்கு ஏராளம். பிள்ளையாருக்கு அருகம்புல் விசேஷம், துளசி வைப்பதில்லை. சிவனுக்கு வில்வம், தாழம்பூ ஆகாது. பெருமாளுக்குத் துளசி. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். முக்கியமானது நேற்றைய பூவை இன்று எடுப்பது. படத்தின் மேல் பழுப்பேறிய சரம் நாள்கணக்கில் தொங்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். எடுத்த பூவைக் குப்பைத்தொட்டியில் போடாமல் செடித்தொட்டி மண்ணில் போட்டுவிடலாம், உரமாகும்.

தூபத்துக்கு ஊதுபத்தி ஒன்று. சாம்பிராணி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை போடட்டும். அசல் சாம்பிராணி சுமத்ரா போன்ற தீவுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின். தணல் மேல் தூவினால்தான் புகையும். தணலுக்கு ஃபிளாட்டில் வழி ஏது? அதனால் ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ வந்தது, கரித்தூளோடு கலந்து கட்டியாக வார்த்தது. அது எரிந்து முடியும்போது அடிப்பாகம் பழுக்கக் காயும். பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் துளை விழும், மரத்தில் வைத்தால் கரியும். மண்தட்டிலோ பித்தளைத் தட்டிலோ வைத்து, சன்னலைத் திறந்துகொள்ள வேண்டும்.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் கற்பூரம் என்று சொல்வது இரண்டு பொருள். கொளுத்துவது சூடம். தீர்த்தத்திலும் பொங்கலிலும் ஒரு கடுகளவு போடுவது பச்சைக் கற்பூரம். இப்போது விற்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது, அதை வாயில் வைக்கக் கூடாது. வெள்ளை வில்லை பார்ப்பதற்குக் கல்கண்டு போலவும் மிட்டாய் போலவும் இருக்கும். குழந்தை ஒன்றிரண்டு வில்லை விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. அவன் வீட்டில் குழந்தை இல்லை. ஆனால் விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வருவார்கள். சூடம் டப்பா மேல்தட்டில், மூடி இறுக்கியபடி இருக்கட்டும் என்றேன். இறுக்கி மூடாவிட்டால் அது காற்றில் கரைந்தும் போய்விடும். ஊரில் டப்பாவுக்குள் நாலு மிளகு போட்டு வைப்பார்கள். நல்ல சூடம் எரிந்த தட்டில் கறுப்புப் புகைப்படலம்தான் இருக்கும். மெழுகுபோல் பிசுக்கு மிஞ்சினால் கலப்படம்.

நைவேத்தியம் என்றதும் சமைக்க வேண்டுமோ என்று பயந்தான். தேவையே இல்லை. ஒரு வாழைப்பழம், இல்லை இரண்டு உலர்ந்த திராட்சை, இல்லை ஒரு சிட்டிகை கல்கண்டு. யாரும் தொட்டுச் சாப்பிடாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பஞ்சபாத்திரத்தில் புதுத் தண்ணீர் பிடித்து, உத்தரணியால் எடுத்து நைவேத்தியத்தைச் சுற்றி ஒருமுறை விட்டுக் காட்ட வேண்டும். பஞ்சபாத்திரமும் உத்தரணியும் அவனுக்குப் புதுப் பெயர்கள். சின்னச் சொம்பும் சின்னக் கரண்டியும்தான் அவை. கும்பிட்டு முடித்ததும் பிரசாதத்தைச் சாப்பிட்டுவிட வேண்டும். சாயங்காலம் வரை அங்கேயே விட்டால் எறும்பு வந்துவிடும். பழைய தண்ணீர் செடிக்கு.

மணி தூபம், தீபம், நைவேத்தியம் காட்டும்போது அடிப்பது. கைப்பிடியில் நந்தி இருந்தால் சைவ வீட்டு மணி, கருடனோ அனுமனோ இருந்தால் வைணவ வீட்டு மணி. பெட்டியில் வந்தது நந்தி, எங்களுக்குப் பொருத்தம்.

“பக்கத்து ரூம்ல அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குவான் அத்தை.”

“அப்போ மணி வேண்டாம். அவன் எழுந்திருக்கிற நாள்ல அடி.”

மறுநாள் காலை நான் பக்கத்தில் நின்று பார்க்க, அவனே செய்தான். குளித்துவிட்டு வந்து நேற்றைய பூவை எடுத்தான். அலமாரித் தட்டைத் துடைத்து, அரிசிமாவை இரண்டு விரலால் எடுத்து நாலு இழைக் கோலம் போட்டான். தண்ணீர் பிடித்து வைத்தான். விளக்குக்குப் பொட்டு வைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைச் சரியாக நீட்டி ஏற்றினான். படங்களுக்குச் சந்தனம் குங்குமம், பூ. ஊதுபத்தியைக் கொளுத்தி மூன்று சுற்று. திராட்சை வைத்து நீர் சுற்றினான். கடைசியில் சூடம் ஒரு வில்லை காட்டி, கைகளை ஒற்றிக் கண்ணில் வைத்து, திருநீறு பூசிக்கொண்டான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்ன சொல்லிக் கும்பிடறது?” என்று தயங்கினான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டு போதும். புதிதாகக் கற்க ஆசையென்றால் அபிராமி அந்தாதியில் 100 பாடல் இருக்கிறது, நாளைக்கு ஒன்றாக வாய்விட்டுப் படித்தால் நூறு நாளில் ஒரு சுற்று முடியும். பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உச்சரிப்பு தெளிவாக இருக்கட்டும்.

சில வாரம் கழித்துப் போனில் பேசியபோது இரண்டு சந்தேகம் கேட்டான். விளக்கின் அடியில் பச்சையாக ஏதோ படிகிறது என்றான். பித்தளையில் இருக்கும் செம்பு எண்ணெயோடும் காற்றோடும் சேர்ந்து களிம்பாவது அது. வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்தால் வராது. பழைய எண்ணெய் மேலேயே புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே போனால் நிச்சயம் வரும். அடுத்தது, நாலு நாள் ஊருக்குப் போகிறேன், பூஜை விட்டுப்போகுமே, ஏதாவது பரிகாரம் உண்டா என்றான்.

பரிகாரம் எதுவும் கிடையாது. கிளம்பும்போது விளக்கை மலையேற்றி, மிச்ச எண்ணெயை ஒரு தாளால் துடைத்துவிடுங்கள். படத்திலிருந்து பூவை எடுத்துவிடுங்கள், நைவேத்தியம், தண்ணீர் எதையும் விட்டுவைக்காதீர்கள். அலமாரியை மூடிவிட்டு நிம்மதியாகப் போங்கள். திரும்பி வந்த அன்று குளித்துவிட்டு விளக்கை ஏற்றினால் போதும்.